எட்டு கிலோவில் நின்றுபோன குட்டிகள்

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் ஆறு தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. ஓர் ஈற்றுக்குச் சராசரியாகப் பத்துக் குட்டிகள் பிழைக்கின்றன. 42ஆம் நாளில் தாயிடமிருந்து பிரிக்கிறேன். ஏழாம் நாளிலிருந்தே தாய்க்குப் போடும் தீவனத்தை மாவாக அரைத்துக் குட்டிகளுக்கும் வைக்கிறேன். மூன்று வாரம் வரை அவை வாய் வைப்பதில்லை. பாதியைத் தாயே தின்றுவிடுகிறது. பிறகு தின்னத் தொடங்கினால் கழிச்சல் வருகிறது. போன ஈற்றில் 21ஆம் நாள் சராசரி ஐந்தரை கிலோ இருந்தன. பிரிக்கும்போது எட்டு கிலோதான். எந்த வயதில், எந்தத் தீவனம் வைத்தால் எடை கூடும்?

பதில்: 21ஆம் நாளில் எடை போட்டீர்களே, அது பெரிய உதவி. பெரும்பாலானவர்கள் பிரிக்கும் நாளில் மட்டும்தான் தராசைத் தேடுகிறார்கள். அந்த ஓர் எடை இல்லாவிட்டால் குறை தாயின் பாலிலா, குட்டியின் தீவனத்திலா என்று இங்கிருந்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

மூன்று வாரம் வரை குட்டி வளர்வது ஏறக்குறைய முழுவதும் பாலால்தான். அந்த நாளில் சராசரி ஐந்து கிலோவுக்குக் கீழே இருந்திருந்தால், 'குட்டித் தீவனத்தை மறந்துவிடுங்கள், தாயின் தீவனத்தொட்டியைப் பாருங்கள்' என்று எழுதியிருப்பேன். பத்துக் குட்டிக்கு ஐந்தரை கிலோ என்பது குறை சொல்ல முடியாத எடை. உங்கள் தாய்ப்பன்றி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. தடங்கல் அதற்குப் பிந்தைய மூன்று வாரங்களில்தான்.

அந்த மூன்று வாரங்களில் நடப்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பன்றியின் பால் மூன்றாவது வாரம் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, நான்காவது வாரத்திலிருந்து இறங்கத் தொடங்கும். உச்சத்தில் நாளுக்கு ஏழரை லிட்டர் சுரக்கிறது என்று வையுங்கள்; பத்துக் குட்டிகளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 750 மில்லி. ஒரு கிராம் எடை கூடுவதற்கு ஏறக்குறைய நான்கு கிராம் பால் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆக, நாளுக்கு 190 கிராம் ஏறும். ஆறாவது வாரத்தில் பால் ஐந்து லிட்டராகக் குறைந்துவிட்டால் இதே கணக்குப்படி 125 கிராம்தான். அதிலும் ஏழெட்டுக் கிலோ உடம்பைக் காப்பதற்கே ஒரு பங்கு போய்விடுவதால், உண்மையில் ஏறுவது இன்னும் குறைவு. மூன்று வாரத்துக்கும் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 120 கிராம் என்று பிடித்தால் 21 நாளில் இரண்டரை கிலோ. ஐந்தரையுடன் இரண்டரையைக் கூட்டுங்கள், உங்கள் எட்டு கிலோ வந்துவிடுகிறது. அதாவது நீங்கள் வைத்த தீவனம் அந்த எடையில் ஒரு கிராம்கூடக் கூட்டவில்லை. குட்டிகள் 42 நாளும் பாலை மட்டும் குடித்து வளர்ந்திருக்கின்றன.

இந்த வயதுக் குட்டிக்கு வயிறார உணவு கிடைத்தால் நாளுக்கு 250 கிராமும் அதற்கு மேலும் வளரக்கூடிய திறன் இருக்கிறது. பால் கொடுப்பதற்கும் உடம்பு கேட்பதற்கும் இடையில் விழும் இந்தப் பள்ளத்தைத்தான் குட்டித் தீவனம் நிரப்ப வேண்டும்.

இனி வயதுக்கு வருகிறேன். இதில் இரண்டு வயதுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, தீவனம் என்று ஒரு பொருள் இருக்கிறது என்று குட்டி அறிந்துகொள்ளும் வயது; மற்றொன்று, அதை வயிறு நிறையத் தின்னும் வயது. முதலாவது 10 முதல் 14 நாளுக்குள். இரண்டாவது நான்காவது வாரத்துக்கு முன் வராது. நீங்கள் எதைச் செய்தாலும், மடியில் பால் நிறைந்திருக்கும் முதல் மூன்று வாரங்களில் குட்டி தீவனத்தால் எடை போடப் போவதில்லை. ஏழாம் நாளில் வைப்பதால் தீங்கு இல்லை, பயனும் இல்லை. அந்த ஒரு வாரமும் தீவனம் சிறுநீரில் நனைந்து புளித்துப்போவதுதான் மிச்சம். 

உங்களுக்கு நான் சொல்லும் நாள் 12. அன்றிலிருந்து ஒரு ஈற்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, நாளுக்கு மூன்று வேளை, அவ்வளவுதான். முதல் நான்கைந்து நாள் தட்டுகூட வேண்டாம். காய்ந்த சுத்தமான ரப்பர் பாயிலோ பலகையிலோ தூவிவிடுங்கள். குட்டிக்கு மூக்கால் தரையைக் கிளறுவது பிறவிக் குணம். தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது பழக வேண்டிய குணம். அருகில் குந்தி உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் பாருங்கள். ஒரு குட்டி வந்து மூக்கால் உருட்டும். ஒரு துண்டு வாய்க்குள் போகும், சற்று மென்று துப்பும். அது மெல்வதைப் பார்த்து இரண்டாவது குட்டி அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோகும். மூன்றாவது வந்து இரண்டையும் இடித்துத் தள்ளும். அன்றைக்குத் தின்றது எல்லாமாகச் சேர்ந்து ஒரு தேக்கரண்டி இருக்காது. பரவாயில்லை, அந்த வயதுக்கு அவ்வளவுதான் வேலை.

தூவுவதற்கு நேரமும் இருக்கிறது. தாய் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை பால் கொடுக்கும். குடித்து முடித்ததும் குட்டிகள் சிறிது நேரம் துறுதுறுவென்று சுற்றிவிட்டுத் தூங்கப் போகும். அந்தச் சுற்றும் நேரத்தில் தூவினால் மூக்கில் படும். தூங்கும்போது கொட்டிவிட்டுப் போனால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். தாய்க்குத் தீவனம் போடும் அதே வேளையில் தூவுவது இன்னும் நல்லது. தாய் தின்னும் சத்தம் கேட்டால் குட்டிக்கும் வாய் ஊறும்.

இப்போது தீவனம். உங்கள் கழிச்சலுக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பால்குடிக் குட்டியின் குடல் பாலைச் செரிக்கப் பிறந்தது. பால் சர்க்கரையைப் பிளக்கும் நொதி அதற்குத் தாராளமாக இருக்கிறது. மாவுச்சத்தைப் பிளக்கும் நொதிகள் பிறந்தபோது மிகக் குறைவாக இருந்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கூடும். இரைப்பையில் அமிலமும் போதாது. அதனால் தாவரப் புரதம் சரியாகக் கரையாது. இந்த வயிற்றுக்குள் நீங்கள் அனுப்புவது தாய்ப்பன்றியின் தீவனம்: வேகாத மக்காச்சோளம், நிறையத் தவிடு, நிறையப் புண்ணாக்கு. செரிக்காத மாவும் புரதமும் பின்குடலுக்கு இறங்கி அங்கே நுண்ணுயிர்களுக்கு விருந்தாகின்றன. கழிச்சல் அப்படி வருகிறது. எவ்வளவு நைசாக அரைத்தாலும் தாய்த் தீவனம் தாய்த் தீவனம்தான். அரைத்தால் துகள் சிறிதாகுமே தவிர அதில் இருக்கும் பொருள் மாறாது. போதாததற்கு, மாவாக இருப்பது ஈரமூக்கில் ஒட்டித் தும்மலைத்தான் தரும்.

12ஆம் நாளிலிருந்து 28ஆம் நாள் வரை பால்பொருள் கலந்த முதல் தீவனம் வேண்டும். கலவைத் தீவனம் வாங்குவதானால் பையின் சீட்டில் மூன்றைப் பாருங்கள்: புரதம் 20 முதல் 22 சதவீதம், நார்ச்சத்து 4 சதவீதத்துக்குள், மூலப்பொருள்களில் பால் பவுடரோ, திரிந்த பாலின் நீரை உலர்த்திய வே பவுடரோ கட்டாயம் இருக்க வேண்டும். லைசின் என்ற அமினோ அமிலத்தின் அளவு போட்டிருந்தால் 1.3 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. புரதம் 24, 26 என்று பெரிதாக அச்சடித்திருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். புண்ணாக்கைக் கொட்டிப் புரதத்தை உயர்த்தியிருந்தால் அது கழிச்சலுக்கான அழைப்புதான்.

நீங்களே கலப்பதானால் 100 கிலோவுக்கு என் கணக்கு இது: மக்காச்சோளம் 46 கிலோ, சோயாப் புண்ணாக்கு 18, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 15, வே பவுடர் 10, நல்ல மீன்தூள் 6, தாவர எண்ணெய் 2, தாது உப்புக் கலவை 2, வைட்டமினும் லைசினும் சேர்ந்து 1. புரதம் 22 சதவீதத்தை ஒட்டி நிற்கும். தனியாக உப்பு வேண்டாம். மீன்தூளிலும் வே பவுடரிலும் வருவதே போதும். மக்காச்சோளத்தைப் பச்சையாகப் போடாமல் வறுத்தோ வேகவைத்து உலர்த்தியோ அரைத்தால் மாவுச்சத்து பாதி செரித்த மாதிரி ஆகிவிடும். சோயா, எண்ணெய் எடுத்து நன்கு வெப்பப்படுத்திய புண்ணாக்காக இருக்க வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அதைக் குட்டிக்கு வைக்கவே கூடாது. பதமாக்கிய சோயாவுக்கும் குட்டியின் குடல் முதலில் முரண்டு பிடிக்கும். 18 கிலோவுடன் நிறுத்துவது அதனால்தான்.

பால் பவுடர் விலையைக் கேட்டதும் இந்தக் கலவையைக் கைவிடுபவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று பார்த்தீர்களா? 28ஆம் நாள் வரை ஒரு குட்டி தின்னப் போவது 300 கிராம் அளவுதான். பத்துக் குட்டிக்கு மூன்று கிலோ. சிந்துவதையும் சேர்த்தால் நான்கு. அதில் பால் பவுடர் 600 கிராம். இந்தச் சிறு அளவில் சிக்கனம் பார்த்துத்தான் அடுத்த இரண்டு வார வளர்ச்சியை இழக்கிறோம்.

28ஆம் நாளுக்குப் பிறகு குட்டி உண்மையாகவே தின்னத் தொடங்கும். அப்போது எளிய தீவனத்துக்கு மாற்றலாம். பால் பவுடரை எடுத்துவிட்டு வே பவுடரை 3 கிலோவாகக் குறையுங்கள். மக்காச்சோளம் 60, சோயாப் புண்ணாக்கு 26 என்று ஏற்றுங்கள். மீன்தூள், எண்ணெய், தாது உப்பு, வைட்டமின் பழைய அளவிலேயே இருக்கட்டும். ஒரே நாளில் மாற்றாமல் நான்கைந்து நாளில் கால் கால் பங்காக மாற்றுங்கள்.

வடிவம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாவைவிடச் சிறு குச்சித் தீவனமோ நொறுக்கிய தீவனமோ நல்லது. குச்சி செய்ய வசதியில்லாவிட்டால், வைக்கும் வேளையில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து வையுங்கள். கூழைக் குட்டி விரும்பித் தின்னும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையில் நானே இந்தத் தவற்றைச் செய்தேன். காலையில் தட்டு நிறையக் கூழ் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். மாலையில் வந்தபோது ஓரமெல்லாம் புளித்த நுரை. அதைக் கழுவிக் கொட்டாமல் மேலேயே புதிதாக ஊற்றச் சொன்னேன். இரண்டாம் நாள் ஒன்பது குட்டியில் ஆறுக்குக் கழிச்சல்.

அதனால் தட்டைப் பற்றி ஒரு கறாரான விதி வைத்திருக்கிறேன். அடுத்த வேளைக்குள் தீர்ந்துபோகும் அளவுதான் வைக்க வேண்டும். மிச்சத்தின்மேல் புதிதைக் கொட்டக் கூடாது. மிச்சத்தை எடுத்துத் தாய்க்குப் போட்டுவிட்டுத் தட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். தட்டு கனமாக, விளிம்பு தாழ்வாக, நான்கைந்து குட்டிகள் ஒன்றாகச் சுற்றி நின்று தின்னும்படி அகலமாக இருக்கட்டும். ஒரு குட்டி மட்டும் நுழையும் ஆழமான தொட்டி இந்த வயதுக்கு உதவாது. வெப்ப விளக்குக்கு நேர்கீழே வைக்காதீர்கள். எண்ணெய் காறிவிடும், குட்டிகள் அதன்மேல் படுக்கும். அவை சாணம் போடும் மூலையிலிருந்தும் தள்ளி, வெளிச்சமான இடத்தில் வையுங்கள்.

தாய் தின்றுவிடுவதற்கு வழி எளிது. கொட்டிலின் ஒரு மூலையைச் செங்குத்துக் கம்பிகளால் தடுத்துவிடுங்கள். கம்பிக்குக் கம்பி 20 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் பத்துக் கிலோக் குட்டியும் புகுந்து வரும், தாயின் தலை நுழையாது. கம்பியிலிருந்து தாயின் மூக்கு எட்டாத தூரத்தில் தட்டு இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கம்பி போட்டும் பயனில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மூலையில் தண்ணீர் இருக்கிறதா? பால் குடிக்கும் குட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உலர்தீவனம் தின்னும் குட்டிக்குத் தின்ற எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தீவனத்தைத்தான் நிறுத்தும். தாயின் குழாய் அதற்கு எட்டாது. ஆழமில்லாத கிண்ணத்தில், நாளுக்கு மூன்று முறை மாற்றி, தனியாக வையுங்கள். அதே மாதிரி, மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போடாத குட்டிக்கு எந்தத் தீவனமும் ருசிக்காது. காதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாக் குட்டியும் தின்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தட்டு காலியானால் போதும் என்று நினைக்காதீர்கள். பத்துக் குட்டியின் பங்கை நான்கு குட்டிகள் தின்று முடித்துவிடும். ஆய்வாளர்கள் தீவனத்தில் நிறப்பொருள் கலந்து சாணத்தின் நிறத்தைப் பார்த்து, தின்ற குட்டியையும் தின்னாத குட்டியையும் பிரிப்பார்கள். அதையே நீங்களும் செய்யலாம். 25ஆம் நாள் வாக்கில் ஒரு நாள் முழுவதும் தீவனத்தில் உணவுக்குப் பயன்படுத்தும் பச்சை நிறத்தைச் சிறிது கலந்து வையுங்கள். மறுநாள் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி, பஞ்சு சுற்றிய குச்சியால் ஆசனவாயை மெல்லத் தொட்டுப் பாருங்கள். பச்சை ஒட்டாத குட்டியின் முதுகில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு போட்டவை ஐந்தாறு இருந்தால் அடுத்த ஐந்து நாள் அவற்றைத் தட்டருகே கொண்டுபோய்க் கூழை விரலால் உதட்டில் தடவுங்கள். இதற்கு நேரம் பிடிக்கும்தான். ஆனால் பிரித்த மறுநாள் ஒன்றும் தின்னாமல் மூலையில் நின்று கத்தப்போவது இந்தக் கோடு போட்ட குட்டிகள்தான்.

கழிச்சலில் ஒரு எச்சரிக்கை. எல்லாக் கழிச்சலையும் தீவனத்தின் தலையில் கட்டாதீர்கள். தீவனக் கழிச்சல் பெரும்பாலும் நன்றாகத் தின்னும் கொழுத்த குட்டிகளில், தீவனத்தை மாற்றிய அல்லது கூட்டிய மறுநாள் வரும்; சாணம் களிபோல இருக்கும், செரிக்காத துகள் தெரியும், குட்டி சுறுசுறுப்பாகவே இருக்கும். அரை நாள் தீவனத்தை எடுத்துவிட்டு, தண்ணீரும் தாய்ப்பாலும் மட்டும் கொடுத்து, பிறகு பாதி அளவில் தொடங்கினால் சரியாகும். மாறாக, ஒன்று முதல் இரண்டு வார வயதில், தீவனத்தைத் தொடாத குட்டிகளுக்கும் மஞ்சள் பசைபோலக் கழிந்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கும் அடங்காவிட்டால் அது காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். தண்ணீராகக் கழிந்து, கண் குழிந்து, வால் நனைந்து, ஈற்று முழுவதும் சுருண்டு படுத்தால் அது தொற்று. இந்த இரண்டுக்கும் சாண மாதிரியுடன் மருத்துவரிடம் போங்கள். தட்டைக் கழுவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு எடை எதிர்பார்க்கலாம்? நான்காவது வாரத்தில் ஒரு குட்டி நாளுக்கு 30, 40 கிராம் தின்னும். ஐந்தாவது வாரத்தில் 130 கிராம் வாக்கில், ஆறாவது வாரத்தில் 280 அளவில். கூட்டினால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோ எடைக்கு 1.4 கிலோ தீவனம் என்று கணக்கிட்டால் இரண்டு கிலோவும் சற்று மேலும் கூடுகிறது. எட்டு, பத்தாகும், கவனமாகச் செய்தால் பத்தரை வரை போகலாம். முதல் ஈற்றிலேயே பன்னிரண்டை எதிர்பார்க்க வேண்டாம். அந்த மூன்று கிலோத் தீவனத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடைசி ஒரு வாரத்தில்தான் தின்கிறது என்பதைக் கவனியுங்கள். 28ஆம் நாளிலேயே பிரிப்பவர்களுக்குக் குட்டித் தீவனத்தால் பிரிக்கும் எடை பெரிதாகக் கூடாததற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் பிரித்த பிறகு குட்டி பட்டினி கிடக்காமல் இருப்பது. 42 நாள் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டும் கிடைக்கும்.

அடுத்த ஈற்றில் 21, 35, 42 ஆகிய மூன்று நாளிலும் எடை போட்டு எழுதுங்கள். 35ஆம் நாள் ஏழரை கிலோவை எட்டாவிட்டால் 42ஐப் பற்றிப் பேசிப் பயனில்லை. தட்டு, தண்ணீர், பச்சை நிறச் சோதனை இந்த மூன்றையும் மறுபடி பாருங்கள். பிரிக்கும் நாளில் தாயைத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். குட்டிகள் அதே கொட்டிலில், அதே தட்டில், அதே தீவனத்தை இன்னும் பத்து நாள் தின்னட்டும்.